காது போன கோப்பை

பேச்சிப்பாறையிலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்:

"எங்கள் வீட்டில் மாமாவுக்கென்று ஒரு பீங்கான் கோப்பை உண்டு. அத்தை இருந்த காலத்தில் வாங்கிய ஆறு கோப்பைகளில் மிஞ்சியது அது ஒன்றுதான். காலையில் கட்டன் சாயாவை அதில் ஊற்றிக் கொடுத்தால்தான் மாமாவுக்குக் குடித்த மாதிரி இருக்கும். போன வாரம் கழுவும்போது குழாயில் இடித்து, காது தனியே வந்துவிட்டது. கோப்பையில் வேறு சேதம் இல்லை. கடையில் கேட்டால் நாலு விதமான பசையை எடுத்துப் போடுகிறார்கள். ரப்பர் தோட்டத்தில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுக்காரரோ, 'எதற்குக் காசு? ரப்பர் பாலே போதும்' என்கிறார். சாயாவில் பசை கலந்து மாமாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். எந்தப் பசை வாங்குவது? காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும் எங்கள் ஊரில் அது காயுமா? எப்படி அமுக்கி வைப்பது?"

சகோதரியின் பயம் நியாயமானதுதான். ஆனால் அவர் பயப்பட வேண்டிய விஷயம் வேறு. காது என்பது கோப்பைக்கு வெளியே இருப்பது. அது முறிந்த இடத்தில் உட்புறச் சுவர் பழுதாகாமல் இருந்தால், பசைக்கும் சாயாவுக்கும் நடுவே முழுப் பீங்கான் சுவர் ஒன்று நிற்கிறது. பசை வயிற்றுக்குள் போக வழி இல்லை. பயப்பட வேண்டியது சூட்டுக்கு. கொதிக்கும் சாயா நிறைந்த கோப்பையை மாமா தூக்கும்போது ஒட்டு விட்டுப் போனால், அத்தனை சாயாவும் அவர் மடியில்தான் விழும். ஆகையால் பசையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்டுக் கொள்ள வேண்டும். பசை உணவைத் தொடுமா? பசை சூட்டைத் தாங்குமா?

உட்சுவர் நன்றாக இருக்கிறதா?

முதல் கேள்விக்குப் பதில் கோப்பையிடமே இருக்கிறது. கோப்பையை உள்ளங்கையில் வைத்துக் கொண்டு, விளிம்பை விரல் நகத்தால் இலேசாகச் சுண்டுங்கள். 'டிங்' என்று மணி மாதிரி ஒலித்தால் சுவர் முழுசாக இருக்கிறது. 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் எங்கேயோ விரிசல் ஓடியிருக்கிறது. சந்தேகம் தீர இன்னொரு சோதனையும் செய்யலாம். கோப்பையில் தண்ணீர் நிரப்பி, உலர்ந்த காகிதத்தின் மேல் ஒரு மணி நேரம் வையுங்கள். காது முறிந்த இரண்டு தழும்புகளையும் பாருங்கள். அங்கே ஈரம் கசிந்தாலோ, காகிதம் நனைந்தாலோ விரிசல் உள்ளே வரை போயிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட கோப்பையில் இனி எதையும் குடிக்க வேண்டாம். பேனா வைத்துக் கொள்ளலாம்.

காது ஏன் சொல்லி வைத்தாற்போல் அந்த இடத்தில் முறிகிறது என்றால், அது கோப்பையோடு பிறந்தது அல்ல. கோப்பையைத் தனியாகவும் காதைத் தனியாகவும் செய்து, கூழ் போல் கரைத்த அதே களிமண்ணால் ஒட்டி, பிறகுதான் சூளையில் சுடுகிறார்கள். அந்தச் சேர்க்கை எப்போதுமே கொஞ்சம் பலவீனமானது. கோப்பையைக் காதில் பிடித்துத் தூக்கும்போது மேல் ஒட்டும் கீழ் ஒட்டும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. கோப்பையின் பாரம் மேல் ஒட்டைப் பிய்த்து இழுக்கிறது. கீழ் ஒட்டை அமுக்கத்தான் செய்கிறது. ஆகவே காதின் மேல் முனை சரியாகப் பொருந்துகிறதா என்பதில்தான் உங்கள் கவனம் அதிகம் இருக்க வேண்டும்.

நாலு பசையும் ரப்பர் பாலும்

மரவேலைக்கு உபயோகிக்கும் வெள்ளைப் பசை வேண்டாம். தினமும் தண்ணீரில் முங்கும் சாமானுக்கு அது ஆகாது. ஊறி, வெளுத்து, விட்டுவிடும்.

பெவிக்விக் போன்ற உடன் ஒட்டும் பசையைத்தான் முதலில் எல்லாருடைய கையும் தேடும். 1942ல் அமெரிக்காவில் கண்டுபிடித்து, 1958ல் கடைக்கு வந்த சரக்கு அது. காற்றிலும் பொருளின் மேலும் உள்ள ஈரத்தால்தான் அது இறுகுகிறது. ஆகையால் உங்கள் ஊர்க் காற்றில் இன்னும் வேகமாகவே பிடிக்கும். அதிலேதான் சங்கடமும். காதை ஒரு நூல் கோணலாக வைத்துவிட்டால் திருத்த நேரம் கொடுக்காது. இறுகிய பிறகு கண்ணாடி போல் முறுகலாகிவிடும். வெந்நீரும் சோப்பும் மாறி மாறிப் பட்டால் சில வாரங்களில் தளர்ந்து, ஒருநாள் முன்னறிவிப்பே இல்லாமல் விட்டுப் போகும். பொம்மைக்குச் சரி, கோப்பைக்குச் சரியில்லை.

எம்-சீல் மாதிரியான பிசைந்து பூசும் மாவு ஓட்டை அடைக்க நல்லது. ஆனால் அது தடியாக நிற்கும். முறிந்த இரண்டு முகங்களும் ஒன்றையொன்று தொட விடாது.

ரப்பர் பாலும் ஒரு பசைதான்; துணிக்கும் தோலுக்கும் பிரமாதமாகப் பிடிக்கும். ஆனால் காய்ந்த பிறகும் அது ரப்பர்தான்! இழுத்தால் நீளும். பாரம் தொங்கினால் காது மெல்ல மெல்லச் சரியும். பக்கத்து வீட்டுக்காரருக்கு நம் நன்றியைச் சொல்லிவிடுங்கள். ரப்பரை வேறு ஒரு வேலைக்குப் பின்னால் கூப்பிடப் போகிறோம்.

நமக்கு வேண்டியது நாலாவது சரக்கு. இரண்டு குழாய்களாக வரும் எபாக்ஸி பசை. அரால்டைட் என்ற பெயரில் 1946ல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் இதை முதன்முதலாகக் காட்சிக்கு வைத்தார்கள். ஒரு குழாயில் பிசின், மற்றதில் அதை இறுக வைக்கும் மருந்து. இரண்டும் கலந்த பிறகுதான் இறுக ஆரம்பிக்கும். இதிலும் ஐந்து நிமிஷத்தில் பிடிப்பது ஒன்று, மணிக்கணக்கில் நிதானமாகப் பிடிப்பது ஒன்று என்று இரண்டு ரகம் உண்டு. நிதானமானதையே வாங்குங்கள். காதைப் பொருத்தித் திருத்த அவகாசம் கொடுப்பதும் அதுதான். தண்ணீரையும் சூட்டையும் பொதுவாக அதிகம் தாங்குவதும் அதுதான்.

பொட்டலத்தில் 'விஷமற்றது' என்று போட்டிருந்தால் அதை 'உணவு படலாம்' என்று எடுத்துக் கொள்ளக் கூடாது. குழந்தை விரலில் பட்டால் கெடுதல் இல்லை என்பது ஒரு விஷயம். மாதக் கணக்கில் சூடான பானம் அதன் மேல் நிற்கலாம் என்பது வேறு விஷயம். 'உணவுத் தொடர்புக்கு ஏற்றது' என்று தெளிவாக எழுதியிருந்தால்தான் உணவு படும் இடத்தில் உபயோகிக்கலாம். அதுகூட சரியான அளவில் கலந்து, முழுவதும் இறுகின பிறகுதான். காதை ஒட்ட அந்த விசேஷ ரகம் அவசியமில்லை. உதடு படும் விளிம்பு வரைக்கும் பசை வழியாமல் பார்த்துக் கொண்டால் போதும்.

ஒட்டுவதற்கு முன்

உடைந்த துண்டுகளை அடிக்கடி பொருத்திப் பார்த்துக் கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு உரசலிலும் முனையிலிருந்து மணல் மாதிரித் துகள் உதிர்ந்து, பொருத்தம் கெட்டுக் கொண்டே வரும். ஒரு தடவை பொருத்திப் பார்த்து, காது எந்தக் கோணத்தில் உட்காருகிறது என்று மனத்தில் வாங்கிக் கொண்டு, துண்டைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிடுங்கள்.

முறிந்த முகங்களை சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு மெதுவாகக் கழுவி, சோப்புப் போக அலசுங்கள். அடுத்தது உலர்த்துவது. மெருகு இல்லாத அந்த முறிந்த முகம் பல ரகப் பீங்கானில் தண்ணீரைக் குடித்து வைத்துக் கொள்ளும். மேலே கை வைத்தால் காய்ந்தது போலிருக்கும். உள்ளே ஈரம் இருக்கும். அந்த ஈரத்தின் மேல் எபாக்ஸி சரியாகப் பிடிக்காது. நல்ல வெயிலில் ஒரு முழு நாள் வையுங்கள். பேச்சிப்பாறைப் பக்கம் மழை பிடித்துக் கொண்டால், அடுப்புக்கு அருகில், தீ படாத வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு நாள் வைப்பது உத்தமம். ஒட்டுவதற்குக் கால் மணி முன், வெள்ளைத் துணியில் சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்டு முகங்களைத் துடைத்து, காற்றாட விடுங்கள். அதற்குப் பிறகு விரல் படக் கூடாது. விரலில் உள்ள எண்ணெய் போதும், ஒட்டைக் கெடுக்க.

மணலில் ஒரு தொட்டில்

பசையைக் கலப்பதற்கு முன்பே பிடிமானத்தைத் தயார் செய்துவிட வேண்டும். பசை தடவிய காதை ஒரு கையில் பிடித்துக் கொண்டு நூலுக்கும் டேப்புக்கும் வீடு முழுக்கத் தேடுவதுதான் பலருக்கும் வேலை கெடும் இடம்.

தச்சர் வைத்திருக்கும் திருகுப் பிடி இதற்கு ஆகாது. மரம் அமுக்கத்துக்கு வளைந்து கொடுக்கும், பீங்கான் வெடிக்கும். அதிகமாக இறுக்கினால் இன்னொரு கெடுதலும் உண்டு. பசை முழுவதும் வெளியே பிதுங்கி, நடுவில் ஒன்றும் மிஞ்சாது. காதை அசையாமல் நிறுத்துவதற்குத்தான் பிடிமானம், நசுக்குவதற்கு அல்ல.

காதின் சொந்த எடையையே நாம் உபயோகித்துக் கொள்ளலாம். ஒரு பேசினில் உலர்ந்த மணலை முக்கால் அளவு கொட்டுங்கள். அரிசியிலும் வைக்கலாம், ஆனால் பசை சொட்டினால் அரிசி வீண். மணலில் கோப்பையைப் படுக்க வைத்து, பாதி உடம்பு புதையும்படி அழுத்துங்கள். முறிந்த தழும்புகள் இரண்டும் வானத்தைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி கோப்பையைச் சற்று முன்னும் பின்னும் சாய்த்துச் சரி பண்ணுங்கள். இப்போது காதை மேலே வைத்தால் அது தானாகவே உட்கார்ந்து நிற்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்தால் கோப்பையின் படுக்கை சரியில்லை என்று பொருள். மணல் தழும்பின் மேல் பறக்காமல், கோப்பையைச் சுற்றி ஒரு துணியை மூடி வையுங்கள்.

எடை மட்டும் போதாது. இலேசான இழுப்பும் வேண்டும். அதற்குத்தான் ரப்பர். சைக்கிள் டியூபிலிருந்து விரல் அகலத்தில் இரண்டு வளையம் வெட்டிக் கொள்ளுங்கள்; கோப்பை பெரிதானால் வெட்டிய பட்டையை முடிச்சுப் போட்டு வளையமாக்கலாம். ஒன்று கோப்பையைச் சுற்றி வந்து காதின் மேல் முனைக்கு மேலாகப் போக வேண்டும். இன்னொன்று கீழ் முனைக்கு மேலாக. இழுப்பு நேராகக் கோப்பையின் உடம்பை நோக்கி இருக்க வேண்டும். அடி குறுகிய கோப்பையானால் வளையம் வழுக்கிக் கொண்டு அடிப்பக்கம் இறங்கும். காதையும் கூடவே இழுத்துக் கொண்டு போகும். அப்போது கோப்பையின் மறுபக்கத்தில் ஒரு துண்டு டேப்பால் வளையத்தை நகராமல் ஒட்டி விடுங்கள். இவ்வளவையும் பசை இல்லாமல் ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிட்டு எல்லாவற்றையும் எடுத்து விடுங்கள்.

இனி பசை

கையில் மெல்லிய உறை, இல்லையேல் ஒரு பிளாஸ்டிக் பை. இறுகாத எபாக்ஸி தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் உண்டாகும். பட்டுவிட்டால் துடைத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பழைய அட்டைத் துண்டின் மேல் இரண்டு குழாயிலிருந்தும் ஒரு பட்டாணி அளவு பிதுக்குங்கள். பெரும்பாலான ரகத்தில் இரண்டும் சம அளவு. ஆனாலும் பொட்டலத்தில் சொன்னதையே பின்பற்ற வேண்டும். தீக்குச்சியால் முழுசாக இரண்டு நிமிஷம் கலக்குங்கள். அட்டையின் ஓரத்தில் கலக்காமல் நிற்பதையும் வழித்துச் சேர்த்துக் கொள்ளுங்கள். மருந்தைச் சற்றுக் கூட விட்டால் சீக்கிரம் பிடிக்கும் என்று நினைப்பது தப்பு. அளவு தவறினால் பசை எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும்.

காதின் இரண்டு முனைகளில் மாத்திரம் மெல்லிசாகத் தடவுங்கள். கோப்பைத் தழும்பில் வேண்டாம். காதை வைத்து, இலேசாக அமுக்கி, ஒரு மயிரிழை இப்படி அப்படி அசையுங்கள். சரியான இடம் வந்ததும் துண்டு 'கபக்' என்று உட்காருவது விரலுக்கே தெரியும். நகத்தை ஒட்டின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். தடுக்கினால் பொருத்தம் தவறியிருக்கிறது, இப்போதே திருத்துங்கள். வெளியே பிதுங்கியதை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, ரப்பர் வளையங்களை மாட்டுங்கள். மாட்டிய பிறகு காது நகர்ந்திருக்கிறதா என்று மறுபடியும் நகத்தை ஓட்டிப் பாருங்கள்.

காதே இரண்டு துண்டாக உடைந்திருந்தால், காதை முதலில் தனியாக ஒட்டி இறுக விடாதீர்கள். அதில் ஒரு நூல் கோணல் விழுந்தாலும் பிறகு இரண்டு முனையும் தழும்பில் உட்காராது. எல்லா ஒட்டுக்கும் ஒரே தடவையில் பசை தடவி, பசை இளக்கமாக இருக்கும்போதே சேர்த்துப் பொருத்த வேண்டும். நிதானமான ரகத்தை வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழந்தைகள் கை படாத இடத்தில் பேசினை அப்படியே 24 மணி நேரம் வையுங்கள். மீந்த பசையை அட்டையோடு பக்கத்தில் வைத்துக் கொண்டால் நல்ல சாட்சி. அடுத்த நாள் அதில் நகம் பதிந்தால் கோப்பையிலும் இறுகவில்லை என்று அர்த்தம், வளையத்தைக் கழற்றாதீர்கள். குளிர்ந்த நாட்களில் இப்படித் தாமதமாவது சகஜம். மூன்று நாளாகியும் பிசுபிசுத்தால் கலவையில் தவறு. வழித்தெடுத்துவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டியதுதான். நன்றாக இறுகியிருந்தாலும் ஒரு வாரம் வரை கோப்பையைக் கழுவவோ நிரப்பவோ வேண்டாம்.

சோதனையும் தீர்ப்பும்

ஒரு வாரத்துக்குப் பிறகு, கழுவும் தொட்டிக்குள் மடித்த துண்டைப் போட்டு, அதன் மேல் கோப்பையை வைத்துப் பச்சைத் தண்ணீர் நிரப்புங்கள். காதைப் பிடித்து நாலு விரல் உயரத்துக்கு மட்டும் தூக்கி ஐந்து நிமிஷம் வைத்திருங்கள். ஒட்டின் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு விழுகிறதா, 'டிக்' என்று ஏதாவது சத்தம் கேட்கிறதா, காது துளியாவது ஆடுகிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒட்டு தேறவில்லை.

தேறிவிட்டது என்றே வைத்துக் கொள்வோம். மாமாவின் சாயாவை அதில் ஊற்றலாமா? கூடாது.

வீட்டில் சாதாரணமாக உபயோகிக்கும் எபாக்ஸி சுமார் 60 டிகிரி செல்ஸியஸ் சூட்டைத் தாண்டினால் இளக ஆரம்பிக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கி ஊற்றும் சாயா 80, 90 டிகிரி இருக்கும். கோப்பைச் சுவர் அந்தச் சூட்டை வெளிப்புறத்துக்கு, ஒட்டு இருக்கும் இடத்துக்கே, கொண்டுவந்து விடும். முதல் நாள் ஒன்றும் நடக்காது. பத்தாம் நாளும் நடக்காமல் இருக்கலாம். ஒவ்வொரு காலையும் இளகுவதும் இறுகுவதுமாக மேல் ஒட்டு களைத்துக் கொண்டே வரும். அது எந்தக் காலை என்று யாருக்கும் தெரியாது. வயதானவர்களின் தோல் மெல்லியது. சூடு பட்டால் காயம் ஆழமாகும். சட்டென்று நகர்ந்து கொள்ளவும் அவர்களால் முடிவதில்லை.

ஆகையால் ஒட்டிய காதுள்ள கோப்பையில் மோர், பானகம், குடிதண்ணீர் கொடுங்கள். அதிலும் அடியில் மறு கையைக் கொடுத்துப் பிடிப்பதே நல்லது. மைக்ரோவேவ் அடுப்பிலும், பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் வைக்க வேண்டாம். ஊறப் போடவும் வேண்டாம்.

மாமாவுக்குச் சாயாவே அந்தக் கோப்பையில்தான் வேண்டும் என்றால், காதை ஒட்டாமலே விட்டுவிடுவது ஒரு நல்ல வழி. சீனாவிலும் ஜப்பானிலும் காதில்லாத கோப்பையில்தான் காலங்காலமாகத் தேநீர் அருந்துகிறார்கள். உட்சுவர் சோதனையில் தேறிய கோப்பையானால், தழும்புகளைத் தண்ணீர் தொட்டு உப்புத் தாளால் கை கீறாதபடி வழவழப்பாகத் தேயுங்கள். உலரத் தேய்த்தால் தூசி மூக்கில் ஏறும். ஆகவே ஈரத்தோடுதான் தேய்க்க வேண்டும். பிறகு நன்றாகக் கழுவி, முக்கால் கோப்பை மட்டும், கை பொறுக்கும் சூட்டில் ஊற்றி, ஒரு டவராவுக்குள் நிறுத்திக் கொடுக்கலாம். கோப்பை வெளிப்புறம் பொறுக்க முடியாத சூடாக இருந்தால் கையே சொல்லிவிடும். ஒட்டிய காது அப்படி எதையும் சொல்லாது.

உடைந்த தட்டை இதே முறையில் ஒட்டலாமா என்று சிலர் கேட்கக் கூடும். ஒட்டலாம், ஆனால் சாப்பிடக் கூடாது. தட்டில் விரிசல் சோறு விழும் முகத்திலேயே ஓடுகிறது. குழம்பும் புளியும் எண்ணெயும் நேரே பசையின் மேல் நிற்கும். பசை நல்லதாகவே இருந்தாலும், இரண்டு பக்கத்து மெருகும் பெயர்ந்த அந்தக் கோட்டில் உணவுத் துணுக்கு தங்கி அழுகும். எத்தனை தேய்த்தாலும் போகாது. ஒட்டின தட்டுக்கு ஏற்ற இடம் சுவர் அல்லது செடித் தொட்டியின் அடி.